சிக்னல் இல்லாத இடத்துக்குக் கோப்புகளைக் கொண்டுசெல்லுதல்: டிரைவில் ஆஃப்லைன் வசதியும் பதிவிறக்கமும்

பாபநாசம் செக்போஸ்டைத் தாண்டி முண்டந்துறை வழியாகக் காரையாறுக்கு ஏறுபவர்களும், மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைப் பக்கம் போகிறவர்களும் ஒன்றை அறிவார்கள். மலைக்குள் நுழைந்த பிறகு அலைபேசியில் சிக்னல் வருமா, வந்தாலும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பள்ளி ஆசிரியர், சுகாதாரப் பணியாளர், வனப்பகுதியில் கணக்கெடுப்புக்குச் செல்பவர் என்று பலரும் தங்கள் பணிக்கு வேண்டிய கோப்புகளைக் கூகுள் டிரைவில்தான் இப்போது வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்புகள் இணையம் இல்லாத இடத்திலும் திறக்க வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, டிரைவ் செயலிக்குள்ளேயே கோப்பை ஆஃப்லைனில் வைத்துக்கொள்வது. மற்றொன்று, வழக்கமான பதிவிறக்கம். இணையம் இல்லாமல் திறப்பதில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், கோப்பு எங்கே தங்குகிறது, யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது, திருத்தினால் என்ன ஆகிறது என்ற மூன்றிலும் அவை முற்றிலும் வேறானவை.

இந்த வழிகாட்டி ஆண்ட்ராய்டு அலைபேசியில் உள்ள கூகுள் டிரைவை மையமாகக் கொண்டது. கணினிக்கு உரியவற்றைப் பின்னால் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். திரையில் தெரியும் பெயர்களை ஆங்கில அமைப்பில் எப்படி இருக்கின்றனவோ அப்படியே தந்திருக்கிறேன்.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு

ஒரு கோப்பை ஆஃப்லைனில் வைக்கும்போது டிரைவ் செயலி அதன் நகல் ஒன்றை அலைபேசியில் தனக்கென்று ஒதுக்கப்பட்ட உள்ளிடத்தில் சேமிக்கிறது. அந்த இடத்தைப் பிற செயலிகள் பார்க்க முடியாது. அதனால் "Files" செயலியைத் திறந்து எவ்வளவு தேடினாலும் அந்தக் கோப்பு கிடைக்காது. டிரைவ் செயலியின் வழியாகத்தான் அதைத் திறக்க முடியும். இந்த நகல் மேகத்தில், அதாவது இணையத்தில் உள்ள கூகுளின் சேமிப்பிடத்தில், இருக்கும் மூலக் கோப்புடன் தொடர்பு அறாதது. அலுவலகத்தில் இருப்பவர் மூலக் கோப்பைத் திருத்தினால், அடுத்து உங்கள் அலைபேசி இணையத்தோடு இணையும்போது உங்கள் நகலும் புதுப்பிக்கப்படும். மூலக் கோப்பு அழிக்கப்பட்டாலோ, உங்களுக்கு அளித்த அனுமதி திரும்பப் பெறப்பட்டாலோ, அடுத்த இணைப்பின்போது அந்த நகலும் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

பதிவிறக்கம் செய்த கோப்பு அப்படிப்பட்டதன்று. அது அலைபேசியின் "Download" கோப்புறையில் தனிக் கோப்பாக வந்து அமர்கிறது. பதிவிறக்கிய நொடியில் மூலக் கோப்பு எப்படி இருந்ததோ அப்படியே அது நிற்கும். பிறகு மேகத்தில் நடக்கும் எந்த மாற்றமும் அதைத் தொடாது, அதில் நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் மேகத்துக்குப் போகாது. டிரைவ் செயலியை நீக்கினாலும், கணக்கிலிருந்து வெளியேறினாலும் அது அங்கேயே இருக்கும். தாமிரபரணிக் கால்வாயோடு இணைந்த குளத்துக்கும் அதிலிருந்து மொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்த குடத்துத் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு இது. குளம் ஆற்றோடு சேர்ந்து ஏறும், இறங்கும். மதகை அடைத்தால் வற்றவும் செய்யும். குடத்தில் உள்ளது மொண்டபோது இருந்த அளவோடு நிற்கும்.

இதிலிருந்து தேர்வுக்கான விதி எளிதாகவே கிடைக்கிறது. கிளம்பும் நேரம் வரை மாறிக்கொண்டிருக்கும் கோப்பு, நீங்கள் போன இடத்தில் திருத்தப்போகும் கோப்பு இவை ஆஃப்லைனுக்கு உரியவை. இனி மாறாத கோப்பு, பிறருக்குக் கொடுக்க வேண்டிய கோப்பு, வேறொரு செயலியில் திறக்க வேண்டிய கோப்பு இவை பதிவிறக்கத்துக்கு உரியவை.

கூகுளின் சொந்த வடிவங்களான டாக்ஸ், ஷீட்ஸ், ஸ்லைட்ஸ் கோப்புகளில் இந்த வேறுபாடு இன்னும் ஆழமானது. பிடிஎஃப், படம், காணொளி போன்றவை பதிவிறக்கினாலும் அதே வடிவத்தில் கிடைக்கும். ஆனால் டாக்ஸ் ஆவணம் கூகுளின் சேவைக்குள் மட்டுமே வாழ்வது. அதைப் பதிவிறக்கும்போது பிடிஎஃப் போன்ற வேறொரு வடிவத்துக்கு மாற்றப்பட்ட பிறகே அலைபேசிக்கு வருகிறது. பெயரும் உள்ளடக்கமும் ஒன்றாகத் தெரிந்தாலும், கையில் இருப்பது மாற்றி எடுத்த வேறொரு கோப்பு. அதில் நிரப்பிய விவரம் குழுவின் விரிதாளில் தானாக ஏறாது என்பதைப் பலர் வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: காரையாறுப் பகுதியில் ஒரு கண் பரிசோதனை முகாம்

அம்பாசமுத்திரத்திலிருந்து தன்னார்வலர் ஒருவர் மறுநாள் காலையில் காரையாறு அருகே ஒரு காணிப் பழங்குடிக் குடியிருப்பில் நடக்கும் முகாமுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருங்கிணைப்பாளர் அவருக்கு டிரைவில் நான்கு கோப்புகளைப் பகிர்ந்திருக்கிறார். முதலாவது, செக்போஸ்டில் காட்ட வேண்டிய வனத்துறை அனுமதிக் கடிதத்தின் பிடிஎஃப். இரண்டாவது, பரிசோதனைக்கு வருபவர்களின் பெயர், வயது, முந்தைய பரிசோதனை விவரம் அடங்கிய ஷீட்ஸ் விரிதாள். இதில் முதல் நாள் இரவு வரை பெயர்கள் சேர்ந்துகொண்டே இருக்கும், முகாமில் பார்வை அளவும் நிரப்பப்பட வேண்டும். மூன்றாவது, சொட்டு மருந்து இடும் முறை பற்றிய இரண்டு பக்கக் குறிப்பு. நான்காவது, கூடியிருப்பவர்களுக்குக் காட்டுவதற்கான 160 எம்பி அளவுள்ள ஒரு காணொளி.

அனுமதிக் கடிதம் இனி மாறப்போவதில்லை. அதைச் செக்போஸ்டில் உடனே எடுத்துக் காட்ட வேண்டும். வண்டியில் வரும் மற்றவர்களின் அலைபேசிக்கும் அனுப்பி வைக்க வேண்டியிருக்கும். எனவே அதைப் பதிவிறக்க வேண்டும். விரிதாள் ஆஃப்லைனில் இருக்க வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. மருத்துவக் குறிப்பை முகாமில் புளூடூத் வழியாகவோ "Quick Share" வழியாகவோ கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்பதால் அதுவும் பதிவிறக்கம்தான். காணொளியை ஒருமுறை காட்டிவிட்டு வருவதென்றால் எந்த வழியும் பொருந்தும். முகாமில் உள்ள ஒரு மடிக்கணினிக்கோ டிவிக்கோ பென்டிரைவ் வழியாக மாற்ற வேண்டியிருந்தால் பதிவிறக்கம் செய்வதே சரி, ஏனெனில் ஆஃப்லைன் நகலை நேரடியாக வெளியே எடுக்க முடியாது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் செய்தால் அந்த 160 எம்பி இருமுறை இடத்தைப் பிடிக்கும்.

அலைபேசியில் செய்யும் முறை

முதலில் பகிரப்பட்ட கோப்பு டிரைவ் செயலிக்குள் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டால் சில அலைபேசிகளில் அது குரோமில் திறந்துவிடும். அங்கே பார்த்தது ஆஃப்லைனுக்கு உதவாது. டிரைவ் செயலியைத் தனியாகத் திறந்து "Shared" பகுதியில் அந்தக் கோப்பைத் தேடி எடுக்கலாம். அலைபேசியில் இரண்டு கூகுள் கணக்குகள் இருந்தால், கோப்பு எந்தக் கணக்குக்குப் பகிரப்பட்டதோ அந்தக் கணக்கு மேல் வலது மூலையில் தேர்வாகியிருக்க வேண்டும். ஆஃப்லைன் நகல் அந்தக் கணக்கோடு கட்டுண்டது. மற்ற கணக்கில் நின்றுகொண்டு தேடினால் தெரியாது.

கோப்பின் பெயருக்கு அருகில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் நீண்ட பட்டியல் ஒன்று விரியும். அதில் "Make available offline" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே பட்டியலில் இருக்கும் "Download" என்பதே மேலே சொன்ன வழக்கமான பதிவிறக்கம். ஆஃப்லைன் நகல் முழுமையாக இறங்கிய பிறகு கோப்பின் பெயருக்குக் கீழே வட்டத்துக்குள் ஒரு சிறிய டிக் குறி தோன்றும். குறி வரும் வரை வேலை முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பல கோப்புகள் ஒரே கோப்புறையில் இருந்தால், கோப்புறையைத் திறந்து, ஒரு கோப்பை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்து, மற்றவற்றையும் தொட்டுத் தேர்ந்தெடுத்து, பிறகு மூன்று புள்ளிகளுக்குப் போவது நம்பகமான வழி. கோப்புறையின் பெயரைக் கண்டதும் உள்ளே இருப்பதெல்லாம் வந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு கோப்பிலும் டிக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, பலரைத் தடுக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. டிரைவ் செயலியின் இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட்டு "Settings" பகுதிக்குப் போனால் "Transfer files only over Wi-Fi" என்ற ஒன்று இருக்கும். அது இயக்கத்தில் இருந்தால், மொபைல் டேட்டாவில் மட்டும் இயங்கும் அலைபேசியில் ஆஃப்லைன் நகல் இறங்காது. வைஃபைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவையே நம்பியிருப்பவர்கள் நம் பகுதியில் மிகுதி என்பதால், டிக் குறி வராமல் நிற்பதற்கு நான் முதலில் சந்தேகிப்பது இந்த அமைப்பைத்தான். பெரிய காணொளிகள் இருந்தால் அதை நிறுத்துவதற்கு முன் அன்றைய டேட்டா மீதம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் மீண்டும் இயக்கி வைக்கலாம்.

விரிதாளைப் பொறுத்தவரை இன்னொரு தேவையும் உண்டு. டிரைவ் செயலி கோப்புகளை வைத்திருக்கும் இடம் மட்டுமே; ஷீட்ஸ் கோப்பைத் திறந்து திருத்துவதற்கு ஷீட்ஸ் செயலி தனியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும். டாக்ஸ் ஆவணத்துக்கு டாக்ஸ் செயலியும் அப்படியே. மலையில் போய் நின்றுகொண்டு பிளே ஸ்டோரைத் திறக்க முடியாது.

விரிதாளின் ஒரு நகலைத் தனியாகவும் கையில் வைத்திருக்க விரும்பினால், ஷீட்ஸ் செயலியில் அதைத் திறந்து, மூன்று புள்ளிகளில் "Share & export" வழியாக "Save as" என்பதற்குச் சென்று எக்செல் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அது பார்ப்பதற்கான காப்பு நகல் மட்டுமே. பார்வை அளவுகளை அதில் நிரப்பத் தொடங்கினால் மேகத்தில் ஒன்று, கையில் ஒன்று என்று கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் அது இதுவாக இருக்கட்டும். எல்லாம் முடிந்ததாகத் தோன்றியதும் அலைபேசியை ஏரோபிளேன் மோடில் போட வேண்டும். வைஃபையும் அணைந்திருப்பதை உறுதி செய்ய வேண்டும். பிறகு டிரைவ் செயலியின் மூன்று கோடுகளைத் தொட்டு "Offline" பகுதிக்குப் போய், அங்கே தெரியும் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, கடைசிப் பக்கம் அல்லது கடைசி வரிசை வரை நகர்த்திப் பார்க்க வேண்டும். காணொளியை நடுவில் ஒரு இடத்துக்குத் தள்ளி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இணையம் இல்லாதபோதும் டிரைவ் செயலி கோப்புகளின் பட்டியலையும் சிறு படங்களையும் நினைவிலிருந்து காட்டிக்கொண்டிருக்கும் என்பதால்தான் இந்தச் சோதனை தேவைப்படுகிறது. பெயர் தெரிகிறது, படம் தெரிகிறது, தொட்டால் மட்டும் திறப்பதில்லை. அண்மையில் திறந்த கோப்புகள் சில நேரம் திறக்கவும் செய்யும், ஏனெனில் ஷீட்ஸ், டாக்ஸ் செயலிகளின் அமைப்பில் "Make recent files available offline" என்ற ஒன்று இருக்கிறது. ஆனால் எதை அண்மைக் கோப்பாக வைத்துக்கொள்வது என்பதைச் செயலியே முடிவு செய்கிறது. அதை நம்பிப் பணிக்குப் போகக் கூடாது.

விரிதாளில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பழைய மருத்துவச் சீட்டின் படத்துக்கு இணைப்பு கொடுத்திருந்தால், விரிதாளை மட்டும் ஆஃப்லைனில் வைத்தது போதாது. இணைப்பு மட்டுமே வரும், இணைப்பு காட்டும் கோப்பு வராது. அந்தப் படங்கள் உள்ள கோப்புறைக்குப் போய் அவற்றையும் தனித்தனியாக ஆஃப்லைனில் வைத்து, முகாமில் விரிதாளிலிருந்து தாவாமல் "Offline" பகுதியிலிருந்தே அவற்றைத் திறக்க வேண்டும். எனவே படங்களுக்கு ஆளின் பெயரும் வரிசை எண்ணும் தலைப்பாக இருந்தால் தேட எளிது.

முதல் நாள் இரவு பத்து மணிக்கு ஒருங்கிணைப்பாளர் ஐந்து பெயர்களைச் சேர்த்திருந்தால், அவை தன்னார்வலரின் நகலுக்குத் தானாக வந்திருக்க வேண்டும்தான். எனினும் பேட்டரி சேமிப்பு முறை இயங்கும் அலைபேசிகளில் பின்னணியில் நடக்கும் புதுப்பித்தல் தள்ளிப்போகக்கூடும். ஆகவே காலையில் சிக்னல் உள்ள இடத்தில், விக்கிரமசிங்கபுரத்தைத் தாண்டும் முன்பாவது, விரிதாளை ஒருமுறை திறந்து கடைசிப் பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

போன இடத்தில் திருத்துவது, திரும்பி வந்து சேர்ப்பது

ஆஃப்லைன் விரிதாளில் நிரப்பும் பார்வை அளவுகள் அலைபேசியிலேயே காத்திருந்து, இணைப்பு கிடைத்ததும் மேகத்துக்குப் போய்ச் சேரும். அதுவரை அம்பாசமுத்திரத்தில் இருப்பவருக்கு அவை தெரியாது. அதே நேரத்தில் அவரும் அதே கட்டத்தில் வேறொன்றை எழுதினால் இரண்டில் ஒன்றுதான் எஞ்சும். மற்றதை "Version history" பகுதியில் தேட வேண்டியிருக்கும். அந்த வேலை இனிமையானதன்று. இதைத் தவிர்க்க, முகாமில் நிரப்ப வேண்டிய பத்திகளைத் தனியாக ஒதுக்கி, அவற்றை முகாமில் இருப்பவர் மட்டுமே தொடுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். இரண்டு தன்னார்வலர்கள் போனால் ஒருவருக்கு ஒரு தாள் என்று பிரித்துக்கொள்ளலாம். முகாம் முடியும் வரை அலுவலகத்தில் யாரும் வரிசைகளை அகர வரிசைப்படுத்தவோ இடம் மாற்றவோ வேண்டாம் என்றும் சொல்லிவிடுவது நல்லது.

பிடிஎஃப் கோப்புகளை ஆஃப்லைனில் பார்க்கலாமே தவிர, அவற்றில் ஷீட்ஸ் போலத் திருத்திச் சேர்க்க முடியாது. கையால் நிரப்ப வேண்டிய படிவத்தை அச்சிட்டு எடுத்துப்போவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

திரும்பி வந்து சிக்னல் கிடைத்ததும் விரிதாளைத் திறந்து, அது சேமிக்கப்பட்டுவிட்டதாகக் காட்டும் வரை திறந்தே வைத்திருக்க வேண்டும். பிறகு ஒருங்கிணைப்பாளரிடம் கடைசி வரிசையில் உள்ள பெயரையும் அதற்கு எதிரில் உள்ள அளவையும் அவருடைய திரையிலிருந்து வாசிக்கச் சொல்லிச் சரிபார்ப்பது உறுதியான வழி. இது முடியும் வரை மூன்று காரியங்களைச் செய்யக் கூடாது: டிரைவ், ஷீட்ஸ் செயலிகளை நீக்குவது, அவற்றின் "Clear storage" பொத்தானை அழுத்துவது, கணக்கை அலைபேசியிலிருந்து அகற்றுவது. இவற்றில் எதைச் செய்தாலும் ஆஃப்லைன் நகல்களோடு, மேகத்துக்குப் போகாமல் காத்திருக்கும் திருத்தங்களும் அழிந்துவிடும். இடம் போதவில்லை என்ற எச்சரிக்கையைக் கண்டு செயலியின் தரவை அழிப்பது பலருக்கும் பழக்கமாகிவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

திறக்காதபோது எங்கே பார்ப்பது

பட்டியலில் "Make available offline" மங்கலாக இருந்தாலோ இல்லாமலே இருந்தாலோ, பெரும்பாலும் கோப்பின் உரிமையாளர் பார்வையாளர்களுக்குப் பதிவிறக்கம், அச்சு, நகல் ஆகியவற்றைத் தடை செய்திருப்பார். அப்போது பதிவிறக்கமும் இயலாது. வேறு குறுக்கு வழி தேடாமல் அவரிடமே கேட்டு அனுமதியை மாற்றச் சொல்ல வேண்டும். டிக் குறி வந்தும் விரிதாள் திறக்கவில்லை என்றால் ஷீட்ஸ் செயலி இருக்கிறதா, அதில் அதே கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிக் குறியே வரவில்லை என்றால் வைஃபை அமைப்பையும் அலைபேசியில் உள்ள காலி இடத்தையும் பார்க்க வேண்டும்.

கணினியில்

விண்டோஸ் கணினியில் "Google Drive for desktop" நிறுவினால் வழக்கமாக G: என்ற எழுத்தில் ஒரு டிரைவ் தோன்றும். கோப்புகள் அங்கே இருப்பதாகத் தெரிந்தாலும், ஸ்ட்ரீமிங் முறையில் அவை திறக்கும்போதுதான் இறங்கும். ஒரு கோப்பையோ முழுக் கோப்புறையையோ வலது சொடுக்கி "Offline access" பகுதியில் "Available offline" என்பதைத் தேர்ந்தால் அது கணினியில் தங்கும். ஒன்டிரைவில் இதற்கு இணையானது "Always keep on this device". அது முடிந்ததும் நிரம்பிய பச்சை வட்டத்துக்குள் வெள்ளை டிக் தெரியும். வெறும் மேகக் குறி தெரிந்தால் கோப்பு இன்னும் இணையத்தில்தான் இருக்கிறது.

கணினியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று .gdoc, .gsheet என்று முடியும் கோப்புகள். அவை மூல ஆவணத்தைச் சுட்டும் இணைப்புகள் மட்டுமே, உள்ளடக்கம் அவற்றுக்குள் இல்லை. அவற்றைப் பென்டிரைவில் நகலெடுத்து எடுத்துப்போனால் போன இடத்தில் எதுவும் திறக்காது. உள்ளடக்கத்தோடு வேண்டுமென்றால் பிரவுசரில் ஆவணத்தைத் திறந்து "File" பட்டியலில் "Download" வழியாக வேர்டு அல்லது எக்செல் வடிவத்தில் எடுக்க வேண்டும்.

வேலை முடிந்த பிறகு நீக்குவது

நீக்கும்போதுதான் இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு கடுமையாக வெளிப்படுகிறது. "Download" கோப்புறையில் உள்ள கோப்பை அழித்தால் உங்கள் நகல் மட்டுமே போகும். ஆனால் டிரைவ் செயலிக்குள் அலைபேசியின் இடத்தை மீட்பதற்காக உங்கள் சொந்தக் கோப்பைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பினால் மூலக் கோப்பே போகிறது. நீங்கள் பகிர்ந்திருந்த அனைவருக்கும் அதனால் இழப்பு ஏற்படலாம். குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் இருக்கும். அதன் பின் தானாக அழிக்கப்படும். இடத்தை மட்டும் மீட்க வேண்டுமென்றால், மூன்று புள்ளிகளில் ஆஃப்லைன் வசதியை இயக்கிய அதே இடத்துக்குப் போய் அதை விலக்க வேண்டும். கோப்பு மேகத்தில் அப்படியே இருக்கும், அலைபேசியில் உள்ள நகல் மட்டும் நீங்கும். கணினியின் G: டிரைவிலும் இதே கவனம் தேவை, அங்கே "Delete" விசையை அழுத்துவது மேகத்தில் உள்ள கோப்பை அழிப்பதே ஆகும்.

முகாம் விரிதாளில் இருப்பவை பிறருடைய உடல்நல விவரங்கள். முகாமுக்குப் பின் ஒருங்கிணைப்பாளர் தன்னார்வலரின் அனுமதியை நீக்கினால், ஆஃப்லைன் நகல் அடுத்த இணைப்பில் பயன்படாமல் போகும். காப்புக்காக எடுத்த எக்செல் நகலையோ, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பெற்றவர்களின் நகலையோ அந்த நீக்கம் எட்டாது. அவற்றை "Download" கோப்புறையிலிருந்தும் வாட்ஸ்அப் உரையாடலிலிருந்தும் அவரவரே தேடி அழிக்க வேண்டும். "Files" செயலியின் குப்பைப் பகுதியில் தங்கியிருந்தால் அங்கிருந்தும் அகற்ற வேண்டும்.